வீட்டில் இருக்கும் நகைக்கு இன்சூரன்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்து வைத்திருக்கிறோம். நகையும் அதில் சேர்ந்துதானே இருக்கும்?

பெரும்பாலும் இருக்காது. பாலிசிப் புத்தகத்தைத் திறந்து, "விலையுயர்ந்த பொருட்கள்" என்ற தலைப்பில் தனியாக ஒரு தொகை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடம் காலியாக இருந்தால் நகைக்குக் காப்பீடு இல்லை என்று அர்த்தம்.

2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் "பாரத் கிருஹ ரக்ஷா" என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியை விற்றாக வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. அதில் கட்டடத்துக்கும் வீட்டுப் பொருட்களுக்கும் சேர்த்து எடுத்தால், கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுப் பொருட்களுக்குத் தானாகவே கிடைக்கும். நிறையப் பேர் இந்த 10 லட்சத்தைப் பார்த்துவிட்டு நகையும் அதற்குள் அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தத் தொகை ஃபிரிட்ஜ், டிவி, கட்டில், பீரோ, துணிமணி போன்றவற்றுக்கு. பீரோவுக்குக் கிடைக்கும், பீரோவுக்குள் இருக்கும் ஆரத்துக்குக் கிடைக்காது. நகை, வெள்ளிச் சாமான், ஓவியம், பழம்பொருள் எல்லாம் விருப்பப்பட்டுக் கேட்டு, கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டியவை.

வாடகை வீட்டில் இருப்பவர்களும் கட்டடத்தை விட்டுவிட்டு வீட்டுப் பொருட்களுக்கு மட்டும் இந்தப் பாலிசியை எடுக்கலாம். நகையையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்.

நகையைத் தனியாகச் சேர்த்துவிட்டேன். இனி திருடு போனால் பணம் வந்துவிடும் அல்லவா?

இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். பாரத் கிருஹ ரக்ஷா அடிப்படையில் தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம் போன்ற ஆபத்துகளுக்கான பாலிசி. அதில் "திருட்டு" என்ற சொல் இருக்கிறது. ஆனால் அந்த வரியை முழுதாகப் படித்தால், மேலே சொன்ன ஆபத்து ஒன்று நடந்து, அதன் விளைவாக 7 நாட்களுக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டும்தான் பணம். வெள்ளத்தில் வீட்டைவிட்டு வெளியேறுகிறீர்கள், மூன்றாம் நாள் யாரோ உள்ளே புகுந்து பீரோவைத் திறக்கிறார்கள் என்றால் கேட்கலாம். நீங்கள் திருப்பதி போயிருந்தபோது சாதாரணமாகப் பூட்டை உடைத்துத் திருடினால் கேட்க முடியாது.

நம் ஊரில் நகைக்கு வரும் முதல் ஆபத்தே வீடு புகுந்து திருடுவதுதான். ஆகவே கன்னக்களவுப் பிரிவு, அதாவது "பர்க்ளரி" பிரிவு, தனியாக இருக்க வேண்டும். பாரத் கிருஹ ரக்ஷாவோடு கூடுதல் காப்பாக அதைச் சேர்த்துத் தரும் நிறுவனங்கள் உண்டு. "ஹவுஸ்ஹோல்டர்ஸ்" பாலிசி என்ற பெயரில் தீ, கன்னக்களவு, நகை என்று பல பிரிவுகளைக் கட்டாகத் தருபவர்களும் உண்டு. ஏஜென்டிடம் "நகை கவர் ஆகுமா?" என்று கேட்டால் "ஆகும்" என்றுதான் சொல்வார், தீ விபத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது பொய்யும் இல்லை. "எந்தப் பிரிவில், எந்த ஆபத்துக்கு, எவ்வளவு தொகைக்கு?" என்று கேளுங்கள். பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டை உடைத்திருந்தால்தான் பணம் தருவார்கள் என்று சொல்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலான கன்னக்களவுப் பிரிவுகளில் உண்மைதான். பலவந்தமாக உள்ளே நுழைந்தோ வெளியேறியோ நடந்த திருட்டு என்று பாலிசியில் எழுதியிருப்பார்கள். அப்படி எழுதியிருந்தால் பலவந்தம் நடந்ததற்கான அடையாளம் இருக்க வேண்டும் என்று 2004-ல் ஒரு வியாபாரியின் சரக்குத் திருட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நிறுவனங்கள் இன்றும் அந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் மறுக்கின்றன.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? தாழ்ப்பாள் பெயர்ந்திருந்தால், ஜன்னல் கம்பி வளைந்திருந்தால், பூட்டு நெளிந்து கிடந்தால் பிரச்சினை இல்லை. வாசலில் செருப்பு ஸ்டாண்டுக்குள் வைத்த சாவியை எடுத்துத் திறந்திருந்தால் பிரச்சினை. வீட்டு வேலைக்கு வருபவரோ வீட்டில் தங்கிய உறவினரோ எடுத்ததாகத் தெரிந்தால் இன்னும் பிரச்சினை. வீட்டாள் எடுத்ததற்கும் வேலையாள் எடுத்ததற்கும் காப்பு இல்லை என்று பல பாலிசிகள் வெளிப்படையாகவே சொல்கின்றன. பகலில் ஆட்கள் வந்துபோகும் வீடாக இருந்தால், பலவந்த நுழைவு இல்லாத சாதாரணத் திருட்டையும் வேலையாள் திருட்டையும் சேர்த்துத் தரும் பாலிசியைத் தேடுங்கள். பிரீமியம் சற்றுக் கூடும், ஆனால் அந்த வீட்டுக்குத் தேவையான காப்பு அதுதான்.

இன்னொரு வரியையும் தேடிப் படியுங்கள். வீடு தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தால் கன்னக்களவுக் காப்பு நின்றுவிடும் என்று பல பாலிசிகளில் இருக்கும். அமெரிக்காவில் மகள் பிரசவத்துக்கு ஆறு மாதம் போகும் பெற்றோர், கிளம்பும் முன்பே நிறுவனத்துக்கு எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும்.

எவ்வளவு தொகைக்கு எடுக்க வேண்டும்? ஏதாவது வரம்பு இருக்கிறதா?

கணக்கு எளிதாக வர, ஒரு பவுன் நகை 1 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குடும்பத்தில் மொத்தம் 40 பவுன். 28 பவுன் வங்கி லாக்கரில். வீட்டில் 12 பவுன்: தாலிக்கொடி 5, கழுத்துச் செயின் 2, ஒவ்வொன்றும் ஒரு பவுனாக நாலு வளையல், தோடும் ஜிமிக்கியும் சேர்ந்து ஒரு பவுன். ஆக வீட்டில் இருப்பது 12 லட்சம்.

பாரத் கிருஹ ரக்ஷாவில் நகைக்கான மொத்தத் தொகை 5 லட்சத்துக்குள்ளும், ஒவ்வொரு நகையும் 1 லட்சத்துக்குள்ளும் இருந்தால் மதிப்பீட்டுச் சான்று தேவையில்லை. இந்த வரம்பு வந்தபோது 1 லட்சத்துக்கு இரண்டரைப் பவுனுக்கு மேல் வாங்க முடிந்தது. ஓரளவு நல்ல செயினே அதற்குள் அடங்கியது. நம் கணக்குப்படி இப்போது ஒரு பவுன்தான் அடங்கும். தாலிக்கொடியும் செயினும் வெளியே போய்விடுகின்றன, மொத்தமும் 12 லட்சம். ஆகவே இந்தக் குடும்பம் மதிப்பீட்டுச் சான்று வாங்கித்தான் ஆக வேண்டும். "சான்றெல்லாம் வேண்டாம், 5 லட்சத்துக்குப் போட்டுவிடலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தாலிக்கொடி போய்விட்டால் அதை எந்த வரியில் காட்டுவீர்கள்?

இதைத் தவிர ஒவ்வொரு நிறுவனமும் தன் பங்குக்கு வரம்பு வைத்திருக்கும். தனியாகப் பெயர் சொல்லி எழுதாத எந்த ஒரு பொருளுக்கும் மொத்தத் தொகையில் இத்தனை சதவீதத்துக்கு மேல் தர மாட்டோம் என்பது அதில் ஒன்று. பட்டியலில் பெயரோடும் தொகையோடும் எழுதிய நகையை இந்த வரம்பு தொடாது. ஜோடிப் பொருளுக்கும் ஒரு விதி உண்டு: ஒரு தோடு மட்டும் தொலைந்தால் ஜோடியின் முழு விலை கிடைக்காது, தொலைந்ததன் பங்கு மட்டுமே.

இரண்டு வருடம் முன்பு போட்ட தொகையே இருக்கிறது. தங்கம் ஏறிவிட்டது. பாதிப்பு வருமா?

நிச்சயம் வரும். அதே குடும்பம் பவுன் 60 ஆயிரமாக இருந்தபோது 12 பவுனுக்கு 7.20 லட்சம் போட்டிருந்தது என்று வையுங்கள். புதுப்பிக்கும்போது ஏஜென்ட் பழைய தொகையிலேயே ரசீது போட்டு அனுப்பிவிட்டார். இப்போது நாலு வளையல் திருடு போகிறது. இன்றைய விலை 4 லட்சம்.

கன்னக்களவுப் பிரிவில் குறைக்காப்பு விதி இருந்தால், இருக்க வேண்டிய தொகை 12 லட்சம், இருப்பது 7.20 லட்சம், அந்த விகிதத்தில்தான் பணம். 4 லட்சத்தில் 60 சதவீதம், அதாவது 2.40 லட்சம். தொலைந்தது நாலு வளையல்தானே, 7.20 லட்சத்துக்குள்தானே வருகிறது என்று வாதாடி ஒரு பயனும் இல்லை.

பாரத் கிருஹ ரக்ஷாவில் குறைக்காப்பு விதி கிடையாது. நகைக்கு அங்கே "ஒப்புக்கொண்ட மதிப்பு" என்ற முறை: ஒவ்வொரு நகைக்கும் என்ன தொகை என்று பாலிசி எடுக்கும்போதே இரு தரப்பும் ஒப்புக்கொண்டுவிடுவார்கள், இழப்பு வந்தால் அதைத் தருவார்கள். வளையல் ஒன்றுக்கு 60 ஆயிரம் என்று ஒப்புக்கொண்டிருந்தால், நாலுக்கு 2.40 லட்சம். முறை வேறு, கைக்கு வருவது அதே பணம்.

ஆகவே ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கும் முன்பு நகைத் தொகையை அன்றைய விலைக்கு மாற்றச் சொல்லி எழுதுங்கள். வருடத்தின் நடுவில் விலை எகிறினாலும், புது நகை வாங்கினாலும், பாலிசியில் திருத்தம் செய்யும் "எண்டார்ஸ்மென்ட்" கேட்டு மிச்சமுள்ள மாதங்களுக்கு மட்டும் கூடுதல் பிரீமியம் கட்டலாம்.

நகைப் பட்டியல் எழுதச் சொல்கிறார்கள். "நெக்லஸ் 1, வளையல் 4" என்று எழுதினால் போதாதா?

போதாது. கிளெய்ம் நேரத்தில் இழப்பைக் கணக்கிட வரும் சர்வேயர் கையில் எடுப்பது அந்தத் தாளைத்தான். அதைப் படித்தால், நகையைப் பார்த்தே இராத ஒருவர் பத்து நெக்லஸுக்கு நடுவில் உங்களுடையதை எடுத்துக் காட்ட முடிய வேண்டும். திருடன் பிடிபட்டால் போலீஸ் ஸ்டேஷனில் அப்படித்தான் அடையாளம் காட்டச் சொல்வார்கள்.

ஒரு வரி எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுகிறேன்:

"லட்சுமி ஆரம், ஒன்று. நடுவில் கெம்புக் கல் பதித்த லட்சுமி டாலர், இரு பக்கமும் மாங்காய் வேலைப்பாடு, கீழே தொங்கும் முத்து ஏழு. மொத்த எடை 48.350 கிராம், கல்லும் முத்தும் 2.150 கிராம், நிகரத் தங்கம் 46.200 கிராம். 22 காரட், 916 முத்திரை. கொக்கிக்குப் பக்கத்து வளையம் ஒருமுறை பற்றவைத்தது, நிறம் சற்று மாறியிருக்கும். 2022-ல் வாங்கியது, பில் உண்டு, படம் 7, 8, 9."

பற்றவைத்த வளையம் வரை எழுதியிருப்பதைக் கவனியுங்கள். புது நகைக்கடையில் அச்சடித்தது போல் ஆயிரம் ஆரம் இருக்கும். பற்றவைத்த இடம் உங்கள் ஆரத்தில் மட்டும்தான் இருக்கும். நெளிவு, மாற்றிய திருகு, விழுந்து மறுபடி பதித்த கல், உள்பக்கம் ஆசாரி போட்ட முத்திரை எல்லாவற்றையும் எழுதுங்கள்.

எடையில் நிகர எடை முக்கியம். பழைய அட்டிகை, ஒட்டியாணம் போன்றவற்றில் உள்ளே அரக்கு இருக்கும். மொத்த எடையைத் தங்கம் என்று எழுதிவிட்டால், சர்வேயர் அதைக் கண்டுபிடித்தவுடன் மற்ற வரிகளையும் சந்தேகப்பட ஆரம்பிப்பார். எடை தெரியவில்லை என்றால் யோசித்து எழுதாதீர்கள், கடையில் கொடுத்து நிறுத்துக்கொண்டு எழுதுங்கள்.

2023 ஏப்ரல் 1 முதல் கடைகளில் விற்கும் ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்து-எண் கொண்ட தனி அடையாளக் குறி இருக்க வேண்டும். அது ஒரு நகைக்கு ஒன்று. வேறு நகைக்கு வராது. லென்ஸ் வைத்துப் பார்த்து அதைப் பட்டியலில் எழுதுங்கள். பிஐஎஸ் கேர் செயலியில் அந்தக் குறியைப் போட்டால் அந்த நகையின் பதிவு விவரம் திரையில் வரும், அதையும் படம் பிடித்து வையுங்கள். பழைய நகையில் இந்தக் குறி இருக்காது. அதனால்தான் அவற்றுக்கு வர்ணனை இன்னும் விரிவாக வேண்டும்.

படம் எடுப்பதற்கு வெறும் வெள்ளைத் தாள் போதும். நகைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, கொக்கி அல்லது திருகு கிட்டத்தில் ஒன்று. தராசில் வைத்து எண் தெரிய ஒரு படம் இருந்தால் மிக நல்லது.

பட்டியலையும் படங்களையும் பில்களையும் நகை இருக்கும் அதே பீரோவில் வைக்காதீர்கள். திருடன் நகைப்பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போகும்போது பில்லும் சேர்ந்து போகும். தீயிலும் அப்படித்தான். மெயிலில் ஒரு பிரதி, வேறு ஊரில் இருக்கும் அண்ணனிடமோ தங்கையிடமோ ஒரு பிரதி. கடை பில் வெப்பத் தாளில் அடித்ததாக இருந்தால் இரண்டு வருடத்தில் எழுத்து மங்கிவிடும், உடனே நகல் எடுங்கள்.

எங்கள் நகை பாதிக்கு மேல் அம்மா போட்டது, பாட்டி கொடுத்தது. பில் எதுவும் இல்லை. என்ன காட்டுவது?

நம் வீடுகளில் இதுதான் இயல்பு. சர்வேயர்களுக்கும் அது தெரியும். பில் என்பது ஒரு சான்று மட்டுமே. நகை உங்களிடம் இருந்தது, அது இந்த எடை, இந்த வகை என்று மூன்றாம் மனிதர் யாராவது எழுதி வைத்த காகிதம் இருக்கிறதா என்று தேடுங்கள். வீடுகளில் அப்படிப்பட்ட காகிதம் நினைப்பதைவிட அதிகமாகவே கிடைக்கும்.

முதலில் நகைக் கடன் ரசீது. எப்போதோ படிப்புச் செலவுக்கோ வயலுக்கோ வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அடகு வைத்து மீட்டிருப்பீர்கள். வங்கியின் நகை மதிப்பீட்டாளர் ஒவ்வொரு நகையையும் பெயர் சொல்லி, மொத்த எடையும் நிகர எடையும் போட்டு எழுதியிருப்பார். உங்கள் பெயர், தேதி, வங்கி முத்திரை மூன்றும் அதில் இருக்கும். என்னைக் கேட்டால் சில சமயம் கடை பில்லைவிட இது பலமான சான்று, ஏனென்றால் எழுதியவருக்கு உங்கள் கிளெய்மில் ஒரு லாபமும் இல்லை. மீட்டவுடன் கிழித்துப் போடாதீர்கள். போட்டுவிட்டிருந்தால், வங்கிக்கு எழுதிக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது பழைய தங்கத்தைக் கொடுத்துப் புதிது வாங்கிய பில், பாலிஷ் போட்ட ரசீது, அறுந்ததைப் பற்றவைத்த ரசீது, நகைச் சீட்டு கட்டிய புத்தகம். தாத்தா எழுதிய உயிலிலோ பாகப்பிரிவினைப் பத்திரத்திலோ நகை பற்றிய பத்தி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கல்யாண ஆல்பத்தை அலட்சியமாக நினைக்க வேண்டாம். மணப்பெண் அணிந்திருக்கும் ஆரமும் பட்டியலில் எழுதிய ஆரமும் ஒன்று என்று கல்லின் எண்ணிக்கை வைத்தே காட்ட முடியும். பல வருட இடைவெளியில் எடுத்த இரண்டு மூன்று படங்களில் அதே நகை தெரிந்தால், அது இடையில் விற்கப்படவில்லை என்பதற்கும் சான்றாகிறது. வீடியோவும் இருந்தால் அந்த இடத்தை நிறுத்திப் படமாக எடுத்து வையுங்கள்.

அடுத்து கல்யாணம் வைத்திருக்கும் வீடுகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1985-ல் வந்த விதிகளின்படி, மணமக்களுக்கு வந்த பரிசுகளை வர்ணனை, தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவுமுறையோடு பட்டியலாக எழுதி மணமகனும் மணமகளும் கையெழுத்துப் போட வேண்டும். யாரும் செய்வதில்லை. செய்தால், பெண்ணுக்குப் போட்ட நகை அவளுடையது என்பதற்கும், இன்சூரன்ஸுக்கும் அதே தாள் பயன்படும்.

இவற்றையெல்லாம் பாலிசி எடுக்கும்போதே கொடுத்து, பட்டியலையும் மதிப்பீட்டுச் சான்றையும் பாலிசியோடு இணைக்கச் சொல்லுங்கள். திருடு போன பிறகு தேடி எடுத்துக் கொடுத்தால், அதே காகிதத்தைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பார்கள்.

மதிப்பீட்டுச் சான்று யாரிடம் வாங்குவது? நாங்கள் வழக்கமாக வாங்கும் கடையில் கேட்கலாமா?

கடைக்காரர் லெட்டர்ஹெட்டில் எழுதித் தருவதைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. அரசுப் பதிவு பெற்ற நகை மதிப்பீட்டாளர்கள் இருக்கிறார்கள். உங்கள் நிறுவனம் யாருடைய சான்றை ஏற்கும் என்று முதலில் கேட்டுக்கொண்டு போங்கள். அவர் ஒவ்வொன்றையும் நிறுத்து, தரம் பார்த்து, கல்லைக் கழித்து, அன்றைய விலையில் மதிப்புப் போட்டு, படத்தோடு தருவார். செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி அந்த மதிப்பில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். வெறும் தங்க விலைக்கு மதிப்பிட்டால், அதே ஆரத்தை மறுபடி வாங்க அந்தப் பணம் பத்தாது.

வீட்டில் 500 கிராமுக்கு மேல் தங்கம் வைத்திருக்கக் கூடாது என்கிறார்களே. பட்டியல் கொடுத்தால் வருமான வரித் துறைக்குப் போய்விடுமா?

500 கிராம் என்பது வைத்திருக்கும் வரம்பு இல்லை. வருமான வரிச் சோதனையின்போது திருமணமான பெண்ணுக்கு 500 கிராம், திருமணமாகாத பெண்ணுக்கு 250 கிராம், ஆணுக்கு 100 கிராம் வரை நகையைப் பறிமுதல் செய்ய வேண்டாம் என்று 1994 மே மாதம் மத்திய நேரடி வரி வாரியம் தன் அதிகாரிகளுக்குச் சொன்ன அறிவுரை அது. கணக்குக் காட்ட முடிந்த நகையை எவ்வளவு வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். இந்தப் பயத்தில் பட்டியலில் பாதியை மறைப்பவர்கள் உண்டு. மறைத்த பாதிக்குக் காப்பீடு கிடையாது, குறைக்காப்பு விதி இருக்கும் பாலிசியில் மீதிப் பாதிக்கும் முழுப் பணம் கிடையாது.

அட்சய திருதியைக்கு வாங்கிய காசும், ஒரு சின்ன பிஸ்கட்டும் இருக்கிறது. அவையும் சேருமா?

தங்கக் கட்டி, நாணயம், பதிக்காத ரத்தினக் கல் ஆகியவை பாரத் கிருஹ ரக்ஷாவில் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. பாலிசியில் வெளிப்படையாகச் சேர்த்து எழுதினால்தான் காப்பு. காசு மாலை நகைதான், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். தனிக் காசும் பிஸ்கட்டும் அணிந்துகொள்ளாத தங்கம். எழுத்தில் ஒப்புதல் வராவிட்டால் லாக்கருக்கு அனுப்பிவிடுங்கள்.

லாக்கரில் வைத்துவிட்டால் இன்சூரன்ஸ் தேவையில்லையே?

லாக்கர் பாதுகாப்பான இடம்தான். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியாது, அதற்கு வங்கி இன்சூரன்ஸ் எடுப்பதும் இல்லை. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிதல், வங்கி ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு வந்தால் வங்கியின் பொறுப்பு லாக்கரின் வருட வாடகையைப் போல் 100 மடங்கு வரைதான். வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். மேலே கணக்கில் பார்த்த குடும்பம் லாக்கரில் வைத்திருப்பதோ 28 லட்சம். வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு, வங்கியின் கவனக்குறைவு இல்லாதவரை, அதுவும் கிடையாது.

ஆகவே லாக்கர் நகையையும் உங்கள் பாலிசியில் இடம் குறிப்பிட்டுச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். விசேஷத்துக்கு எடுத்து வந்து வீட்டில் வைக்கும் நாட்களுக்கும் காப்பு தொடருமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கல்யாண வாரத்தில்தான் நகை வீட்டில் குவிகிறது.

கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போகும்போது தொலைந்தால்? செயினைப் பறித்துக்கொண்டு போனால்?

வீட்டு முகவரிக்கு மட்டும் எடுத்த காப்பு வாசல்படியோடு முடிகிறது. வெளியே போட்டுக்கொண்டு போகும் நகைக்கு "ஆல் ரிஸ்க்" பிரிவு வேண்டும். அது பெரும்பாலும் இந்தியா முழுவதற்கும் செல்லும். எல்லா நகைக்கும் எடுக்க வேண்டியதில்லை. தாலிக்கொடி, அன்றாடச் செயின், வெளியே போடும் வளையல் மட்டும் அதில் போதும்.

ஆனால் எங்கே எப்போது போனது என்றே தெரியாமல் காணாமல் போவதை பாரத் கிருஹ ரக்ஷா ஏற்காது. ஒரு குறிப்பிட்ட சம்பவத்தோடு இழப்பை இணைக்க முடிய வேண்டும். "தீபாவளிக்குப் போட்டேன், பொங்கலுக்குத் தேடினால் இல்லை" என்பது அந்தக் கணக்கில் வராது. ஆல் ரிஸ்க் பிரிவிலும் இதே கேள்வி வரும் என்று எதிர்பாருங்கள்.

திருடு போய்விட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

எதையும் தொடாதீர்கள், பீரோவை ஒழுங்குபடுத்தாதீர்கள். 112 அல்லது 100. கைரேகைப் பிரிவு வந்து போகும்வரை அறை அப்படியே கிடக்கட்டும். உடைந்த பூட்டையும் கதவையும் படம் எடுங்கள். சர்வேயர் வரும்வரை பூட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அன்றே நிறுவனத்துக்குப் போனிலும் மெயிலிலும் தெரிவியுங்கள்.

புகார் எழுதும்போதுதான் பல கிளெய்ம்கள் கெடுகின்றன. பதற்றத்தில் "சுமார் பத்து பவுன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவார்கள். முதல் தகவல் அறிக்கையில் அது அப்படியே ஏறும். பிறகு இன்சூரன்ஸுக்குப் பதிமூன்றரைப் பவுன் என்று பட்டியல் கொடுத்தால், மூன்றரைப் பவுன் எங்கிருந்து முளைத்தது என்ற கேள்வி வரும். அதனால் மெயிலில் இருக்கும் பட்டியலை எடுத்து, போனவற்றை மட்டும் டிக் செய்து, அந்தத் தாளையே புகாரோடு இணைத்துக் கொடுங்கள். பிறகு இன்னொரு நகையும் போயிருப்பது தெரிந்தால், எழுத்தில் கூடுதல் வாக்குமூலம் கொடுத்து நகல் வாங்குங்கள்.

ஸ்டேஷனில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினால் அதோடு நின்றுவிடாதீர்கள். நிறுவனம் கேட்பது முதல் தகவல் அறிக்கை. அதன் நகல் புகார்தாரருக்கு இலவசம். விசாரணை முடிந்தும் நகை கிடைக்காவிட்டால், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற இறுதி அறிக்கையையும் கேட்பார்கள். அது மாதக்கணக்கில் இழுக்கும். அதுவரை காத்திராமல் சர்வேயர் வேலையை முடிக்கச் சொல்லி எழுதிக்கொண்டே இருங்கள்.

நிறுவனம் மறுத்தால், முதலில் அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை.

திருடனைப் பிடித்து நகையை மீட்டுவிட்டார்கள். இன்சூரன்ஸ் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா?

பணம் வாங்குவதற்கு முன் கிடைத்தால், கிடைக்காத மிச்சத்துக்கு மட்டும் கிளெய்ம். பணம் வாங்கிய பிறகு கிடைத்தால், அதன் மேல் நிறுவனத்துக்கு உரிமை வந்துவிடுகிறது. நீங்களாகவே முதலில் தெரிவித்துவிடுங்கள். வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டி நகையை எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம். பாட்டியின் அட்டிகை என்றால் பெரும்பாலோர் அதைத்தான் விரும்புகிறார்கள்.

மீட்ட நகை நேராகக் கைக்கு வராது; வழக்குச் சொத்தாக நீதிமன்றப் பொறுப்பில் போகும். வழக்கு முடியக் காத்திருக்காமல், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, படம் எடுத்துப் பதிவு செய்த பின் பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்து இடைக்காலமாக வாங்கிக்கொள்ளலாம். நகை உங்களுடையதுதான் என்று அங்கேயும் காட்ட வேண்டும். சில சமயம் உருக்கிய கட்டியாகத்தான் மீட்பார்கள். அப்போது வர்ணனையும் படமும் கைகொடுக்காது. நிகர எடையும் தரமும் எழுதிய காகிதத்தைத்தான் நீட்ட வேண்டியிருக்கும்.